ஆர்சிபிய ஓட்டுங்க தம்பி, அவன இல்ல

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு, காவேரிப்பட்டினம் பக்கம் ஊரு, ஓசூர் சிப்காட்ல வேலை. நான் சிஎஸ்கே, என் ஃப்ரெண்டு ஆர்சிபி. ஆறாவதுல இருந்து ஒண்ணா சுத்துறோம், ரெண்டு பேர் வீட்டுலயும் மாந்தோப்பு இருக்கு. 2024 மே 18 மேட்ச்ல எங்கள வெளிய தள்ளிட்டு நாலு நாள் ஸ்டேட்டஸா போட்டு என்னை வறுத்தெடுத்தான். 22ந்தேதி ராஜஸ்தான்கிட்ட அவங்க தோத்ததும் நானும் விடல, அன்னைக்கு நைட்டே குரூப்ல "உங்க டீமுக்கு கப்பும் வராது, உனக்கு பொண்ணும் வராது"ன்னு போட்டேன். அதுக்கு கீழ இன்னொருத்தன் அவங்கம்மா வீட்ல கன்னடம் பேசறத வச்சு ஒண்ணு போட்டான், நான் சிரிக்கற ஸ்மைலி விட்டேன். அவன் குரூப்ப விட்டே போயிட்டான். இப்ப பேசறான், டீ குடிக்க வர்றான், ஆனா மேட்ச் பேச்சே எடுக்கறதில்ல. 2025ல அவங்க கப் அடிச்சப்ப கூட எனக்கு வாழ்த்து சொல்ல வாய் வரல. அவன் கலாய்க்கலாம், நான் கலாய்க்கக் கூடாதா? இனிமே அவன் டீம் தோத்தா மனசு நோகாம எப்படி ஓட்டறதுன்னு சொல்லுங்க.

பதில்: தம்பி, கலாய்க்கக் கூடாதான்னு கேட்டீங்க பாருங்க, அதுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்களுக்கு இன்னும் ஆறாம கிடக்கறது அது தான்னு தோணுது. தாராளமா கலாய்க்கலாம். இருபது வருஷமா ஒண்ணா சுத்துறவங்க, அவன் டீம் தோத்தன்னைக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லாம பவ்யமா நின்னா தான் அவனுக்கு பயமா இருக்கும், என்னடா இவன் நம்மள அயலான் மாதிரி நடத்தறானேன்னு. அதனால ஓட்டறத நிறுத்துங்கன்னு நான் சொல்லப் போறதில்ல.

ஆனா நீங்க ரெண்டு பேரும் பண்ணது ஒண்ணு இல்ல. அவன் என்ன ஸ்டேட்டஸ் போட்டான்னு நீங்க எழுதல, இருந்தாலும் அந்த வாரம் இந்தப் பக்கம் பூரா சுத்துனது என் ஃபோனுக்கும் வந்துச்சு. ஆர்சிபி 218 அடிச்சு வச்சிருந்தாங்க, சிஎஸ்கே ஜெயிக்கணும்னா 219 வேணும், ஆனா பிளேஆஃப் போறதுக்கு 201 எடுத்தாலே போதும், கடைசி ஓவர்ல அந்த 201க்கு 17 தேவ. யஷ் தயாள் போட்ட முதல் பால தோனி தூக்குனாரு, பந்து சின்னசாமி ஸ்டேடியத்த விட்டே வெளிய போயி வேற பந்து எடுக்க வேண்டியதாச்சு, அடுத்த பால்லயே அவர் அவுட். 191ல முடிஞ்சுது. அன்னைக்கு வந்த ஜோக்ல எனக்கு ஞாபகம் இருக்கறது, "முதல்ல பந்து வெளிய போச்சு, பின்னாடியே நீங்களும் வெளிய போயிட்டீங்க". இத ஒரு சிஎஸ்கேகாரன் படிச்சா எரியும், நாலு நாள் படிச்சா நல்லாவே எரியும். ஆனா அதுல இருக்கறது என்னன்னு பாருங்க, ஒரு பந்து, ஒரு ஓவர், ஒரு டீம். உங்களப் பத்தி அதுல ஒரு எழுத்து கிடையாது. நீங்க வேற டீமுக்கு மாறிட்டா அந்த ஜோக் உங்கள தொடாது.

இப்ப உங்க வரிய எடுங்க. மொத பாதி, கப்பு வராதுங்கறது, டீம் மேல. ஆர்சிபிகாரங்க 2009, 2011, 2016ன்னு மூணு ஃபைனல் தோத்தவங்க, ஒவ்வொரு வருஷமும் "ஈ சாலா கப் நம்தே"ன்னு சொல்லி சொல்லி அத அவங்களே ஒரு ஜோக்கா ஆக்கி வச்சிருந்தவங்க, அந்தப் பாதிய அவன் துடைச்சுப் போட்டுட்டு போயிருப்பான். ரெண்டாவது பாதி அவன் மேல. 2024ல அவனுக்கு 29, 30 வயசு இருக்குமா? நம்ம பக்கம் அந்த வயசுல பொண்ணு அமையாம இருக்கற பையன் ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும், ஒவ்வொரு திருவிழாலயும் என்ன கேள்வி வாங்கிட்டு இருப்பான்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. ஜாதகம் கொண்டு போயி திருப்பி வாங்கிட்டு வந்த கதையெல்லாம் அவன் உங்ககிட்ட தானே டீக்கடைல உக்காந்து சொல்லியிருப்பான். உங்கள நம்பி சொன்னத நீங்க குரூப்ல எடுத்துப் போட்டீங்க. அவன் டீம மாத்துனாலும் அந்த வரி அவன விடாது.

அது விழுந்த நேரத்தையும் பாருங்க. 1992ல அமெரிக்கால இண்டியானா யுனிவர்சிட்டில எட்வர்ட் ஹர்ட்ங்கறவரும் அவரு கூட இருந்தவங்களும் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. தன் காலேஜ் பேஸ்கட்பால் டீம் மேல உயிரா இருக்கற பசங்கள உக்கார வச்சு மேட்ச் காட்டிட்டு, முடிஞ்ச உடனே சம்பந்தமே இல்லாத விஷயங்கள கேட்டாங்க, ஒரு சின்ன விளையாட்ட நீ எவ்வளவு நல்லா பண்ணுவ, எழுத்து மாத்திப் போட்ட புதிர எத்தன போடுவ, இந்த அழகான பொண்ணுகிட்ட வெளிய போலாமான்னு கேட்டா ஒத்துக்குவாளா. டீம் ஜெயிச்சவங்க எல்லாத்தையும் கூட சொன்னாங்க, டீம் தோத்தவங்க தன்னால முடியறத குறைச்சு சொன்னாங்க, அந்த பொண்ணு விஷயத்துலயும் தான். தோத்தது அஞ்சு பேர் விளையாண்ட டீமு, ஆனா சோஃபால உக்காந்து பாத்தவன் தன்னை மொத்தமாவே ஒரு படி கீழ இறக்கி வச்சுக்கறான். உங்க ஃப்ரெண்டு அன்னைக்கு ராத்திரி பதினொன்ன தாண்டி டிவிய அமத்திட்டு சரியா அந்த நிலைமைல தான் உக்காந்திருப்பான், அதுவும் மொத எட்டு மேட்ச்ல ஏழு தோத்து, அப்புறம் வரிசையா ஆறு ஜெயிச்சு உள்ள வந்த டீமு, அவன் மனசுல ஆசை எவ்வளவு ஏறியிருக்கும். தினேஷ் கார்த்திக்கோட கடைசி ஐபிஎல் மேட்ச் வேற அது. அந்த நிமிஷம் பாத்து உங்க மெசேஜ் வந்து பொண்ணும் வராதுன்னு சொல்லுது. அவனே உள்ளுக்குள்ள சொல்லிட்டு இருந்தத வெளில இருந்து ஒருத்தன், அதுவும் நீங்க, உறுதிப்படுத்துன மாதிரி ஆகிப்போச்சு.

ஸ்மைலி விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கு அது பெருசா தெரியல, லெட்டர்ல கூட ஓரமா தான் எழுதியிருக்கீங்க, எனக்கென்னமோ அவன் குரூப்ப விட்டுப் போனதுக்கு அது தான் காரணம்னு படுது. நம்ம மாவட்டத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே தெருவுல கிடக்கு, ஓசூர், தேன்கனிக்கோட்ட, அஞ்செட்டி பக்கம் போனா வீட்ல ஒரு பேச்சு, கடைல ஒரு பேச்சுன்னு தான் எல்லாரும் வளந்தது, யாரும் அத ஒரு விஷயமாவே எடுக்கறதில்ல. ஓசூர்ல இருந்து சின்னசாமி ஸ்டேடியம் சேப்பாக்கத்த விட எவ்வளவு கிட்டன்னு தினம் அங்க வேலைக்கு போற உங்களுக்கே தெரியும், அந்தப் பக்கம் ஒருத்தன் ஆர்சிபிய புடிக்கறது சாதாரணம். ஆனா இதே ரோட்டுல தான் 2016 செப்டம்பர்ல காவிரி கலவரத்தப்ப பஸ்ஸெல்லாம் ஓசூரோட நின்னுப் போயி, ஜனங்க பையத் தூக்கிட்டு பார்டர நடந்து தாண்டுனாங்க. கன்னடம் பேசற அம்மாவுக்குப் பொறந்த பையனுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க, அந்தப் பக்கம் போனா தமிழன், இந்தப் பக்கம் இருந்தா அவங்க ஆளு. ஆர்சிபிய வச்சு ஆரம்பிக்கற ஜோக் நம்ம ஊர்ல ரெண்டே ஸ்டெப்ல அங்க போயி நிக்கும், கொஞ்சம் அசந்தா போதும். அத போட்டவன் எவனோ ஒருத்தன், அவன உங்க ஃப்ரெண்டு மறந்துருவான். நீங்க சின்ன வயசுல இருந்து அவங்கம்மா கையால சாப்பிட்டிருப்பீங்க, நீங்க சிரிச்சீங்க. அவனுக்கு ஞாபகம் இருக்கறது அது.

சும்மா தான் போட்டேன்னு நீங்க நினைக்கறது பொய் இல்ல, நம்பறேன். எழுதறவனுக்கு தன் மனசுல ஓடுற தொனி கேக்கும், படிக்கறவனுக்கு வெறும் எழுத்து தான் தெரியும். 2005ல ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் இன்னும் சிலரும் சேந்து இத சோதிச்சாங்க, சில வரிகள கிண்டலாவும் சிலத சீரியஸாவும் இமெயில்ல அனுப்பச் சொன்னாங்க. அனுப்புனவங்க நினைச்சது நூத்துக்கு 78 வாட்டி எதிராளி சரியா புரிஞ்சுக்குவான்னு, ஆனா புரிஞ்சது 56 தான். காச சுண்டிப் போட்டு பூவா தலையான்னு பாத்தாலே 50 வரும் தம்பி. வாட்ஸப் குரூப்ல இன்னும் மோசம், ஏன்னா அங்க இருபது பேர் பாத்துட்டு இருக்கான், அவன் சிரிச்சுட்டா அவமானத்த ஒத்துக்கிட்ட மாதிரி, கோவப்பட்டா ஜோக்க தாங்க முடியாதவன் மாதிரி, ரெண்டும் வேணாம்னா வெளிய போறது ஒண்ணு தான் வழி. அவன் அதத் தான் பண்ணான்.

நல்லா ஓட்டறதுன்னா எப்படி இருக்கும்ங்கறதுக்கு எங்க வீட்ல நடந்த ஒண்ண சொல்றேன். எங்க வீட்டுக்காரர் மும்பை இண்டியன்ஸ், என் தம்பி சிஎஸ்கே, வெறின்னா அப்படி ஒரு வெறி. 2019 மே 12, ஃபைனல், ரெண்டு பேரும் எங்க வீட்டு ஹால்ல தான் பாத்தாங்க. மும்பை 149, சிஎஸ்கே துரத்துது, வாட்சன் கால்ல ரத்தம் வழிய 80 அடிச்சுட்டு கடைசி ஓவர்ல ரன் அவுட், கடைசி பால்ல ரெண்டு ரன் வேணும், மலிங்கா போட்டாரு, ஷர்துல் தாகூர் எல்பிடபிள்யூ. 148. ஒரு ரன்னுல போச்சு. என் தம்பி டிவியவே பாத்துட்டு இருந்தான், சாப்பாடு போட்டு வச்சது அப்படியே ஆறிப் போச்சு. எங்க வீட்டுக்காரர் ஜெயிச்ச டீம்காரரு, உள்ள குதிக்கணும் போல தான் இருந்திருக்கும், ஒண்ணும் பேசல, "மாப்ள, ரசம் ஊத்திக்கிறியா"ன்னு மட்டும் கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி அவ்வளவு தான்.

அடுத்த நாளும் அவர் வாயத் தொறக்கல. அதுக்கு மறுநாள் சாயங்காலம் தம்பி வந்தான், வாசல்ல செருப்ப கழட்டிக்கிட்டே அவனா ஆரம்பிச்சான், "மாமா, அந்த ஒரே ஒரு ரன்னு மாமா, வாட்சன் மட்டும் நின்னிருந்தா"ன்னு. அப்ப தான் இவர் சட்டப்பைல கை விட்டு ஒரு ஒத்த ரூபா காச எடுத்து அவன் கைல வச்சு, "இந்தா மாப்ள, குறைஞ்சது இவ்வளவு தானே, வச்சுக்க"ன்னாரு. தம்பி ரெண்டு செகண்ட் முழிச்சான், அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சான், காச பர்ஸ்ல தனியா போட்டுக்கிட்டான். 2023ல குஜராத் கூட ஃபைனல் கடைசி பால்ல ஜடேஜா ஃபோர் அடிச்சு சிஎஸ்கே ஜெயிச்சுது இல்ல, விடிஞ்சதும் வந்து அந்த காச எங்க வீட்டுக்காரர் டீ டம்ளர் பக்கத்துல வச்சுட்டு ஒண்ணும் சொல்லாம உக்காந்தான்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது அந்த காசு இல்ல, தம்பியா பேச்ச எடுத்தது தான். தன் டீம் தோத்ததப் பத்தி அவனே புலம்ப ஆரம்பிச்சா, அந்த ஓவர அவனுக்கு ஏன் குடுத்தான், அந்த கேட்ச ஏன் விட்டான்னு அவனே திட்ட ஆரம்பிச்சா, கதவு தொறந்துருச்சுன்னு அர்த்தம். சில பேருக்கு அது விடிஞ்சதுமே வரும், சில பேருக்கு மூணு நாள் ஆகும், பிளேஆஃப்ல தோத்தா இன்னும் ஆகும். நீங்க ஒரு மணிநேரம் கூட காத்திருக்கல, அதுவரைக்கும் காத்திருந்திருந்தா அந்த பொண்ணு விஷயம் உங்க வாய்ல வந்தே இருக்காதுன்னு நினைக்கறேன், ஏன்னா அந்த ராத்திரி உங்களுக்கு இருந்தது நாலு நாள் கோவம், அது தணிஞ்சா ஜோக் தானா டீம் பக்கம் திரும்பிரும்.

சரி, ஒரு ஜோக்க முழுசா எடுத்து பாக்கலாம், உங்க வீட்டு தோப்புல இருந்தே. ஐபிஎல் முடியறது மே கடைசி, ஜூன் ஆரம்பம், நம்ம மாங்கா சீசனும் அப்ப தான். கிளிமூக்கு மாங்காய நம்ம பக்கம் என்னன்னு சொல்றோம், பெங்களூரா. அது பெரும்பாலும் எங்க போகுது, கூழ் ஃபேக்டரிக்கு. ஆர்சிபி தோத்து அவனும் ரெண்டு நாள் கழிச்சு புலம்ப ஆரம்பிச்சுட்டான்னு வைங்க, உங்க தோப்புல இருந்து ஒரு பை பெங்களூரா பறிச்சுக்கிட்டு நேர்ல அவன் வீட்டுக்கு போங்க. திண்ணைல வச்சுட்டு, "மச்சி, இந்த வருஷம் பெங்களூரா மொதல்ல நல்லா தான்டா பூத்துச்சு, கடைசில கூழா போச்சு"ன்னு சொல்லுங்க. அதோட நிறுத்தாதீங்க, அவன் பதில் சொல்றதுக்குள்ள, "எங்களத மட்டும் என்ன, மஞ்சளா இருக்குன்னு மரத்துலயே விட்டு விட்டு ஓவரா கனிஞ்சு போச்சு"ன்னு உங்க டீமையும் சேத்துக்கங்க. 2025ல சிஎஸ்கே கடைசி இடத்துல முடிச்ச டீமு தம்பி, சேப்பாக்கத்துல ஆர்சிபிகிட்ட 2008க்கு அப்புறம் மொத தடவையா தோத்ததும் அந்த வருஷம் தான், அவன் கைல குடுக்க உங்ககிட்டயும் நிறைய இருக்கு. உங்க டீம் மேல நீங்களே ஒரு அடி போட்டுக்கிட்டா அவனுக்கு நிக்க இடம் கிடைக்கும், அவன் பதிலுக்கு ஓட்டலாம், ரெண்டு பேரும் ஒரே மட்டத்துல நிப்பீங்க.

இந்த ஜோக்கு ஏன் குத்தாதுன்னா, சொல்றது நேர்ல, உங்க மூஞ்சிய அவன் பாக்கறான், கைல சாப்பிடற பொருள் இருக்கு, பேச்சு டீம விட்டு நகரல, பாக்கறதுக்கு வேற ஆள் இல்ல. பெங்களூர இழுத்தாலும் அது நம்ம தோப்பு மாங்கா பேரு, அவங்கம்மாவோட பேச்சு இல்ல. ஆனா இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. 2025ல பெங்களூரா விலை விழுந்து காய பறிக்கற கூலிக்கு கூட கட்டாம தோப்புக்காரங்க தவிச்சாங்க, உங்களுக்கு தெரியும். அப்படி ஒரு வருஷமா இருந்து அவங்க தோப்பு காயும் மண்டில நிக்குதுன்னா இந்த ஜோக்க தொடவே தொடாதீங்க, நீங்க ஆர்சிபிய சொல்றீங்க, அவனுக்கு அவங்கப்பா கடன் கேக்கும். ஒரு ஜோக்க சொல்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இவ்வளவு தான், இதுல டீம எடுத்துட்டா மிச்சம் என்ன நிக்குது. ஒண்ணும் நிக்கலன்னா சொல்லலாம். அவன் கல்யாணம், வேலை, சம்பளம், நிறம், ஜாதி, அம்மா பேச்சு, வீட்டுக் கடன்னு ஏதாவது நிக்குதுன்னா வேணாம்.

இன்னொண்ணும் தொடக் கூடாதது இருக்கு, 2025 ஜூன் 4. ஆர்சிபி கப் அடிச்ச மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல நெரிசல்ல 11 பேர் செத்துப் போனாங்க. அத வச்சு மீம்ஸ் போட்டவங்கள நானே பாத்தேன், வயிறு எரிஞ்சுது. ஓசூர்ல இருந்தும் அன்னைக்கு பசங்க கிளம்பி போயிருப்பாங்க, உங்க ஃப்ரெண்டே போகணும்னு நினைச்சிருக்கலாம்.

சொன்னது சரியா விழுந்துச்சா இல்லையான்னு எப்படி தெரியும்னா, அவன் திருப்பி குடுக்கறானான்னு பாருங்க. "போடா, உங்க தாத்தா டீமு ஓடி ரெண்டு ரன் எடுக்கட்டும் பாப்போம்"ன்னு அதே அளவுல ஒண்ணு வந்துச்சுன்னா எல்லாம் நல்லாருக்கு. "ம்", "சரி", "ஓகே டா"ன்னு ஒத்த வார்த்த வந்தா, வாய் சிரிச்சு கண்ணு சிரிக்கலன்னா, சட்டுன்னு "வண்டி சர்வீஸ் விட்டியா"ன்னு வேற பேச்சுக்கு தாவுனான்னா பட்டுருச்சு. அப்ப இன்னொரு ஜோக் சொல்லி சரி பண்ணப் பாக்காதீங்க, நிறைய பேர் பண்ற தப்பு அது, மொதல்லது விழலன்னு ரெண்டாவது மூணாவதுன்னு போட்டுக்கிட்டே போவாங்க. "சரி விடு, டீ சொல்லட்டா"ன்னு நிறுத்திருங்க. அவன் திருப்பி குடுக்கறது உங்களுக்கு வலிக்கற மாதிரி, உங்க வீட்டு விஷயமா வந்துச்சுன்னாலும் அதே தான், பட்டதால தான் அப்படி திருப்புறான்.

ஆனா இதெல்லாம் வர்ற சீசனுக்கு. அதுக்கு முன்னாடி பழசு ஒண்ணு பாக்கி இருக்கு, அத முடிக்காம நீங்க மாங்காப் பையோட போயி நின்னா அவன் மனசு மே 22க்கு தான் போகும். தனியா இருக்கறப்ப சொல்லுங்க, டீக்கடைல வேணாம், வண்டில போறப்ப, தோப்புல உக்காந்திருக்கறப்ப. எப்படி சொல்லணும்னா, "மச்சி, அன்னைக்கு மேட்ச்ச வச்சு ஓட்டுனது வேற, உன் பொண்ணு பாக்கற விஷயத்த குரூப்ல இழுத்தேன் பாரு, அது தப்புடா. அம்மாவ வச்சு அவன் போட்டதுக்கு நான் சிரிச்சேன், அது அத விட தப்பு." அவ்வளவு தான். "சும்மா காமெடிக்கு", "நீயும் தானே நாலு நாள் ஓட்டுன", "நீ தப்பா எடுத்துக்கிட்ட" இந்த மூணுல எது பின்னாடி வந்தாலும் முன்னாடி சொன்னது அழிஞ்சு போகும். நாலு நாள் ஸ்டேட்டஸ் உங்களுக்கு வலிச்சுதுன்னா அதையும் சொல்லுங்க, சொல்ல வேண்டியது தான், ஆனா அதே மூச்சுல வேணாம், இன்னொரு நாள் சொல்லுங்க.

அவன் "அதெல்லாம் மறந்துட்டேன்டா"ம்பான். மறக்கல, மறந்திருந்தா மேட்ச் பேச்ச எடுத்திருப்பான். இருந்தாலும் நீங்க தோண்டாதீங்க, சொன்னது உள்ள போயிருக்கும். குரூப்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கணுமான்னு உங்களுக்கு தோணலாம். பொதுல பண்ண தப்புக்கு பொதுல கேக்கறது நியாயம் தான், ஆனா இந்த விஷயத்துல அது அவன் பொண்ணு பேச்ச திரும்பவும் இருபது பேர் வாய்ல போடும், அதனால அவன்கிட்ட கேட்டுட்டு, அவன் வேணும்னா மட்டும் பண்ணுங்க. அந்த கன்னடம் கமெண்ட் போட்டவன்கிட்ட மட்டும் நீங்களா தனியா பேசி, அம்மாவ இழுக்கற பேச்சு இனி குரூப்ல வேணாம்டான்னு சொல்லிருங்க, அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

அப்புறம் அந்த சொல்லாத வாழ்த்து. 2025 ஜூன் 3, அகமதாபாத், பஞ்சாப் கூட ஆறு ரன்னுல ஜெயிச்சு 18வது சீசன்ல மொத கப்பு. நீங்க ரெண்டு பேரும் ஏழாவது, எட்டாவது படிச்சப்ப, 2008ல ஆரம்பிச்ச காத்திருப்பு அது, அவன் கூடவே நீங்களும் அத பாத்து வளந்தீங்க. அன்னைக்கு ராத்திரி அவன் ஃபோன்ல நூறு வாழ்த்து வந்திருக்கும், உங்க பேர் வருதான்னு அவன் பாத்திருப்பான். லேட்டானாலும் பரவால்ல, மன்னிப்பு கேட்ட அன்னைக்கே "நீங்க கப் அடிச்சப்ப நான் சொல்லல, சொல்லியிருக்கணும்டா, எந்த ஓவர்ல உனக்கு நம்பிக்கை வந்துச்சு"ன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா உக்காருங்க, ஒரு மணிநேரம் பேசுவான், நடுவுல சிஎஸ்கே பேரயே எடுக்காதீங்க.

குரூப்ல நீங்களா அவன திரும்ப ஆட் பண்ணாதீங்க. என்னை எப்ப சேக்கப் போறன்னு அவனா கேக்கட்டும்.